மேலிடத்துப் பணம் வந்ததும் தரப்படும்

மட்டக்களப்புப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய கணவனார் மின்சார வயரிங் வேலைகளை உப ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர். திணைக்களம் ஒன்றுக்காக எழுந்த இரண்டு மாடிப் பாடசாலைக் கட்டடத்தின் வயரிங் வேலையை, பிரதான ஒப்பந்தக்காரரிடமிருந்து 40 இலட்சம் ரூபாவுக்கு ஏற்று முடித்துக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்து எட்டு மாதங்களாகின்றன. பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் மின்விசிறியின் கீழ் இருந்து படிக்கிறார்கள். ஆனால் வேலை செய்தவருக்கு இன்னும் பெருந்தொகை வரவேண்டியிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் ஒப்பந்தக்காரர் ஒப்பந்தப் பத்திரத்தின் ஒரு வாசகத்தைச் சுட்டிக்காட்டி, “திணைக்களம் எமக்குத் தரவில்லை, எமக்கு வந்தால்தான் உமக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம். கேபிள் வாங்கிய கடைக்காரர் நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கிறார். கூலியாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகச் சகோதரியின் தாலிக்கொடியும் காப்புகளும் வங்கியில் அடகு இருக்கின்றன. “இவர் கையெழுத்து வைத்தது உண்மை. அப்படியானால் எங்கள் பணம் போனது போனதுதானா?” என்று கேட்கிறார்.

போகவில்லை என்பதே எமது அபிப்பிராயம். ஆயினும், அந்த வாசகம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைக் கணவனும் மனைவியும் ஒருங்கே இருந்து படித்துப் பார்த்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்கவேண்டும். இதே நிலையில் கொத்தனார், தச்சர், வர்ணம் பூசுவோர், அலுமினிய யன்னல் பொருத்துவோர் எனப் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சகோதரி பிரதி செய்து அனுப்பிய வாசகம் இது: “வேலைகொடுத்தவரிடமிருந்து பணம் கிடைத்து ஏழு நாட்களுக்குள் உப ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கப்படும்.” இவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாசகருக்கு இதை வயல் வழக்கிலேயே விளக்கலாம். ஒருவர் பக்கத்து வீட்டாரிடம் பணம் கடன் வாங்கிக்கொண்டு, “வேளாண்மை வெட்டினதும் தந்துவிடுகிறேன்” என்று சொல்கிறார். அந்தப் போகம் வெள்ளத்தில் அழிந்துபோய்விடுகிறது. கடன் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். அவர் குறிப்பிட்டது பணம் தரும் காலத்தை மட்டுமே. விளைச்சல் இல்லையென்றால் கடன்காரர் இன்னும் சிறிது காலம் பொறுப்பார். அதற்குமேல் வேறு வழியில் பணத்தைத் தேடிக் கொடுக்கவேண்டியது வாங்கியவரின் பாடு. ஆனால், “வேளாண்மை விளைந்தால் மாத்திரமே தருவேன், விளையாவிட்டால் உமக்கு ஒன்றும் இல்லை, சம்மதமா?” என்று கேட்டு, மற்றவரும் சம்மதித்திருந்தால் கதை வேறு. அப்போது வெள்ளத்தின் நட்டத்தில் அவரும் பங்காளியாகிவிடுகிறார்.

ஒப்பந்தங்களிலும் இந்த இரண்டு வகைகளும் உண்டு. முதலாவது வகை, பணம் எப்போது தரப்படும் என்பதை மட்டும் சொல்வது. இரண்டாவது வகை, பணம் தரப்படுமா என்பதையே மேலிடத்துப் பணத்தில் தொங்கவிடுவது. இரண்டாவது வகையின் வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “வேலைகொடுத்தவரிடமிருந்து பணம் கிடைப்பதே உப ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கும் கடமை தோன்றுவதற்கு முன்நிபந்தனையாகும். வேலைகொடுத்தவர் பணம் செலுத்தாதவிடத்து அந்த நட்டத்தை உப ஒப்பந்தக்காரரே ஏற்க உடன்படுகிறார்.” ‘முன்நிபந்தனை’, ‘மாத்திரமே’, ‘நட்டத்தை ஏற்க உடன்படுகிறார்’ என்னும் சொற்கள் கண்ணிற் பட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கவேண்டும். சகோதரியின் கணவனார் கையெழுத்திட்ட பத்திரத்தில் அச்சொற்கள் இல்லை. அது முதலாவது வகையைச் சேர்ந்தது.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள பேதத்தைப் பற்றி அமெரிக்காவில் 1962 ஆம் ஆண்டில் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கென்ரக்கி மாநிலத்தில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று கட்டப்பட்டது. தண்ணீர்க் குழாய் வேலைகளைத் தோமஸ் டையர் என்னும் கொம்பனி உப ஒப்பந்தமாகச் செய்தது. வேலை நடந்த பின்னர் திடலின் சொந்தக்காரர் கடனடைக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர் பணம் செலுத்தி ஐந்து நாட்களின் பின்னரே உப ஒப்பந்தக்காரரின் பணம் கொடுபடவேண்டியதாகும் என்று பத்திரத்தில் இருந்ததால், தாம் கொடுக்கவேண்டியதில்லை என்று பிரதான ஒப்பந்தக்காரர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவ்வாசகம் பணம் கொடுப்பதை நியாயமான ஒரு காலத்துக்குத் தள்ளிவைக்கிறதேயன்றி, சொந்தக்காரர் முறிந்துபோகும் ஆபத்தை உப ஒப்பந்தக்காரரின் தலையில் ஏற்றவில்லை என்றும், அப்படி ஏற்றுவதாயின் அதை ஐயமில்லாமல் எழுதியிருக்கவேண்டும் என்றும் தீர்மானித்தது. சொந்தக்காரரோடு நேரே பேசி, அவருடைய வசதியை அறிந்து ஒப்பந்தம் செய்தவர் பிரதான ஒப்பந்தக்காரரேயல்லவா?

அது அயல்நாட்டுத் தீர்ப்பு. நமது நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது; வாதத்துக்குத் துணையாகவே எடுத்துக் காட்டலாம். பிரித்தானியாவிலோ 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கட்டட வேலைகளில் இவ்வகை வாசகங்களைப் பெரும்பாலும் பயனற்றவையாக்கிவிட்டது. மேலே பணம் தரவேண்டியவர் வங்குரோத்தான சந்தர்ப்பத்தில் மாத்திரம் விலக்கு அளித்தது. சிங்கப்பூர் 2004 இலும் மலேசியா 2012 இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. அச்சட்டங்கள் நமக்குப் பொருந்தா. இங்கே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதற்கேள்வி. எனவே “வெளிநாட்டில் இது செல்லாதாமே” என்று ஒருவர் சொல்லக் கேட்டு நம்பியிருப்பது பேதைமை.

இனிக் கணக்குக்கு வருவோம். சகோதரி பில்களின் பிரதிகளையும் அனுப்பியிருப்பது நல்ல காரியம். வேலை மூன்று பில்களாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது: முதலாவது 10 இலட்சம், இரண்டாவது 15 இலட்சம், மூன்றாவது 15 இலட்சம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 10 வீதம் ‘றிட்டென்ஷன்’ என்று பிடித்து வைக்கப்படும்; பழுது தோன்றினால் திருத்துவதற்கான ஈடு அது. முதலாவது பில்லுக்குரிய 9 இலட்சம் ஒழுங்காகக் கிடைத்துவிட்டது. இரண்டாவது பில்லுக்கு 13½ இலட்சம் வரவேண்டிய இடத்தில் 8½ இலட்சமே வந்தது. மூன்றாவதற்கு ஒரு சதமும் வரவில்லை.

இரண்டாவது பில்லுக்கு ஒப்பந்தக்காரர் சொன்ன சமாதானத்தை வாசகர் கவனிக்கவேண்டும். அந்த மாதம் தாம் திணைக்களத்துக்குக் கொடுத்த பில் 150 இலட்சம் என்றும், தமக்குக் கிடைத்தது 85 இலட்சம் என்றும், அதே விகிதப்படி 15 இலட்சத்துக்கு 8½ இலட்சம் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். அவருடைய கடிதத்தின் அடியிலேயே 65 இலட்சம் ஏன் குறைந்தது என்ற விபரமும் இருக்கிறது: றிட்டென்ஷன் 15 இலட்சம், முற்பணக் கழிவு 30 இலட்சம், தாமத நட்டஈடு 20 இலட்சம். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

றிட்டென்ஷன் பிடித்தது சரி. உப ஒப்பந்தத்திலும் அது உண்டு. 1½ இலட்சத்தைச் சகோதரியின் கணவனாரும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

முற்பணக் கழிவு என்பது என்ன? வேலை தொடங்கும்போது திணைக்களம் ஒப்பந்தக்காரருக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்திருக்கிறது. அதைத்தான் மாதந்தோறும் பில்லில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்கிறது. எனவே அந்த 30 இலட்சமும் ஒப்பந்தக்காரர் கைக்கு வராத பணம் அன்று. முன்னரே வந்துவிட்ட பணம். அதிலிருந்து வயரிங் வேலைக்கு ஒரு சதமேனும் முற்பணம் கொடுக்கப்படவில்லை என்று சகோதரி எழுதுகிறார். கொடுக்காத முற்பணத்தை அவருடைய பில்லில் எப்படிக் கழிப்பது? உப ஒப்பந்தக்காரருக்குரிய பணத்தை இந்த வழியிற் குறைப்பதை நாம் பல கடிதங்களிற் கண்டிருக்கிறோம். அநேகர் அதைக் கண்டுபிடிப்பதேயில்லை.

தாமத நட்டஈடு, கட்டடம் குறித்த நாளில் முடியாததற்காகத் திணைக்களம் அறவிட்டது. கூரை வேலை பிந்தியதாலேயே தாமதம் ஏற்பட்டது என்று ஒப்பந்தக்காரரே வேறொரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வயரிங் வேலையால் தாமதம் ஏற்பட்டிருந்தால் அதற்குரிய பங்கைக் கேட்க அவருக்கு உரிமையுண்டு. அதை அவர் காட்டவேண்டும். கூரைக்கு வந்த நட்டத்தை வயரிங்காரர் சுமக்கவேண்டியதில்லை.

ஆகவே இரண்டாவது பில்லைப் பொறுத்தவரை திணைக்களம் செலுத்தவேண்டியதைச் செலுத்திவிட்டது என்றே கொள்ளவேண்டும். மீதி 5 இலட்சமும், அந்த வாசகத்தின்படியே, எப்போதோ கொடுபட்டிருக்கவேண்டிய பணம். பெட்டியில் காசில்லாமல் திணைக்களம் பாதி பில்லை மாத்திரம் செலுத்தியிருந்தால் விகிதப்படி பங்கிடுவதில் நியாயம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது எத்தனையோ அரசாங்கக் கட்டட வேலைகள் இடைநடுவில் நின்றன. அக்காலத்தில் ஒப்பந்தக்காரர்களும் உண்மையாகவே தவித்தார்கள். பணம் வராமை வேறு, வந்த பணத்தில் கழிவு வேறு. இரண்டையும் ஒன்றாக்க இடங்கொடுக்கலாகாது.

மூன்றாவது பில்லின் கதையில் மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் அந்த வேலையைத் தமது பில்லில் இன்னும் சேர்க்காமலே இருக்கலாம். அல்லது சேர்த்து, திணைக்களத்தின் இஞ்சினியரும் அத்தாட்சி வழங்கி, பணம் மாத்திரம் வராமல் இருக்கலாம். அல்லது பணம் வந்து, வேறொரு வேலைத்தலத்தின் சீமெந்துக்கும் கம்பிக்கும் போயிருக்கலாம். மூன்றுக்கும் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான்: “எமக்கு இன்னும் வரவில்லை.”

முதலாவது சாத்தியத்தில், குறை சில வேளைகளில் நம் பக்கத்திலும் இருக்கக்கூடும். வயரிங் வேலையின் முடிவில், மின்கசிவு இல்லையென்பதையும் நிலத்தொடுப்பு ஒழுங்காக இருக்கிறதென்பதையும் சோதித்து எழுதிய அறிக்கை கொடுக்கவேண்டும். அது கொடுக்கப்படாமல் இருந்தால் பில் மேலே போகாமல் மேசையிலேயே கிடக்கும். அறிக்கையைக் கையளித்த திகதியைக் கணவனார் தேடி எடுக்கவேண்டும். அதைக் கொடுத்த பின்னரும் ஒப்பந்தக்காரர் பில்லை அனுப்பாமல் வைத்திருந்தால், நமது நாட்டில் ஒப்பந்த விஷயங்களுக்கு அடிப்படையான றோமன் டச்சுச் சட்டம் உதவிக்கு வரும். ஒரு நிபந்தனை நிறைவேறாதபடி வேண்டுமென்றே தடுத்தவர், அது நிறைவேறவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது என்பது அதன் பழைய கோட்பாடு.

எது உண்மை என்பதை அறிய ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். அதில் மூன்றே கேள்விகள் போதும்: எமது மூன்றாவது பில்லின் வேலை உங்கள் எத்தனையாவது பில்லில், எந்தத் திகதியில் சேர்க்கப்பட்டது? அதில் எவ்வளவுக்கு அத்தாட்சி கிடைத்தது? அந்த அத்தாட்சியின் பேரில் இன்றுவரை எவ்வளவு பணம் பெற்றீர்கள்? கோபச் சொற்கள் வேண்டாம். பதில் தர 14 நாட்கள் தவணை கொடுக்கலாம்.

அவர் மௌனம் சாதித்தால் வேறொரு கதவு இருக்கிறது. வேலைகொடுத்தது அரசாங்கத் திணைக்களம் ஆதலால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், இந்நாட்டுப் பிரசை எவரும் அத்திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். கட்டடத்தின் பெயரைக் குறிப்பிட்டு, வயரிங் வேலை அடங்கிய பில்லுக்கு அத்தாட்சி வழங்கிய திகதியையும் பணம் செலுத்திய திகதியையும் கேட்டால் போதும். ஒப்பந்தக்காரரின் விலைகளைக் கேட்கப் போனால், அது வியாபார இரகசியம் என்று மறுக்க இடம் ஏற்படும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். சொந்தக்காரர் தனியார் கொம்பனியாக இருந்தால் இந்த வழி இல்லை. அப்போது அவர்களுடைய தலத்து இஞ்சினியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி அரிது.

பணம் சென்றுவிட்டது என்று தெரிந்தால் ஏழு நாள் தவணை அன்றே தொடங்கி எப்போதோ முடிந்திருக்கும். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். பத்திரத்தில் பிணக்குகளை மத்தியஸ்தருக்கு விடுவதாக வாசகம் இருக்கிறதா என்பதைச் சட்டத்தரணி முதலிற் பார்ப்பார். திணைக்களம் உண்மையாகவே செலுத்தவில்லை என்று தெரிந்தால், நியாயமான காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை எடுக்கவேண்டியிருக்கும். எட்டு மாதம் நியாயமான காலத்துக்கு மிஞ்சியதென்றே நாம் கருதுகிறோம். ஆனால் அது வழக்கின் விபரங்களைப் பார்த்து நீதிபதி தீர்மானிக்கவேண்டியது. அங்கே நிச்சயம் சொல்வதற்கில்லை.

கெடுவையும் மறக்கலாகாது. வழக்குகளுக்குக் காலவரையறை விதிக்கும் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் பேரில் வழக்கிட 6 வருடங்கள் உண்டு. எழுத்தில் ஒன்றுமில்லாமல் செய்த வேலைக்கான கூலியைக் கேட்பதாயின் ஒரு வருடமே உண்டு. சகோதரியின் கணவனாரிடம் பத்திரம் இருப்பது பாக்கியம். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பவர்களுக்கு, “வரும், வரும்” என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வருடம் கழிந்துவிடும்.

கணவனார் இப்பொழுது அதே ஒப்பந்தக்காரரின் வேறொரு தலத்திலும் வேலை செய்கிறாராம். “அதை நிறுத்திவிட்டால் பணம் தானாக வரும்” என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அது அபாயமான யோசனை. அந்தப் பத்திரத்தில், பணம் தராவிட்டால் வேலையை நிறுத்தலாம் என்ற உரிமை எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு தலத்தின் கடனுக்காக இன்னொரு தலத்தின் வேலையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை முறித்தவர் அவராகிவிடுவார். பின்னர் வேறு ஆளை வைத்து முடித்த செலவென்று ஒரு பில் வரும். இந்த 18½ இலட்சமும் அதற்குள் அடங்கிப்போகும்.

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தை முற்றாக நீக்கும்படி கேட்டால் பெரிய ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் இணங்கமாட்டார்கள். அதன் பின்னால் ஒரு வரியைச் சேர்க்கக் கேட்பது எளிது: “வேலைகொடுத்தவரிடமிருந்து பணம் கிடைத்து 7 நாட்கள், அல்லது உப ஒப்பந்தக்காரர் பில் கொடுத்து 90 நாட்கள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் பணம் வழங்கப்படும்.” ஒப்பந்தக்காரருக்கு மூன்று மாத மூச்சு கிடைக்கிறது, உப ஒப்பந்தக்காரருக்கு ஒரு நாள் நிச்சயமாகிறது. கேபிள் கடையில் எவ்வளவு தவணை கேட்பது, நகையை எத்தனை மாதத்துக்கு அடகு வைப்பது என்பதையெல்லாம் அந்த நாளைக்கொண்டே கணக்கிடலாம். றிட்டென்ஷனுக்கும் இவ்வாறே திகதி கேட்கவேண்டும். கட்டடம் முழுவதும் முடிந்த பின்னரே அது விடுவிக்கப்படும் என்று இருந்தால், அத்திவாரம் வெட்டியவர் கடைசி வர்ணப்பூச்சு உலரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். சகோதரியின் கணவனாருக்கு மூன்று பில்களிலும் பிடித்த 4 இலட்சம் இன்னும் அங்கே இருக்கிறது. அது மேற்சொன்ன 18½ இலட்சத்துக்குப் புறம்பானது.

கடிதத்தின் முடிவில் சகோதரி ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். இந்த வாரம் வந்தால் 6 இலட்சம் தருவதாகவும், ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்திடவேண்டுமென்றும் ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறாராம். பணத்தை வாங்கிக்கொள்ளட்டும்; அடகு வட்டி நிற்காது. ஆனால் அச்சீட்டில் ‘முழுவதும் இறுதியுமான கொடுப்பனவு’ என்ற பொருள்படும் எந்தச் சொல் இருந்தாலும் கையெழுத்து வைக்கலாகாது. “மூன்றாவது பில்லின் ஒரு பகுதியாக ரூபா 6 இலட்சம் பெற்றுக்கொண்டேன், மீதி 12½ இலட்சமும் றிட்டென்ஷன் 4 இலட்சமும் வரவேண்டியுள்ளன” என்று கணவனார் தம் கையாலேயே எழுதித் திகதியிட்டு, ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும்.